கொடி கம்பத்தில், வண்ணம் மேடையில்

ஆகஸ்ட் 15 நெருங்கினால் பள்ளிகளிலும் குடியிருப்புச் சங்கங்களிலும் மேடை அலங்காரப் பேச்சு தொடங்கிவிடும். நூலில் கோத்த காகிதக் கொடிகளைத் தோரணமாகக் கட்டலாமா, மேசைமேல் மூவண்ணத் துணியை விரிக்கலாமா என்று கேட்பார்கள். இரண்டுமே கூடாது. 2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள இந்தியக் கொடி விதித் தொகுப்பு, தேசியக் கொடியைத் தோரணமாகவோ, பூச்செண்டு போல மடித்தோ, வேறு எந்த அலங்காரப் பொருளாகவோ பயன்படுத்தக் கூடாது என்கிறது. பேச்சாளரின் மேசையை மூடவும் மேடையைப் போர்த்தவும் அதைப் பயன்படுத்தக் கூடாது.

துணிக்கொடிக்கு மட்டும்தான் இந்த விதி என்று நினைத்துவிட வேண்டாம். தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம், 1971, எந்தப் பொருளில் செய்திருந்தாலும் கொடியைப் போலத் தோன்றும் உருவத்தையும் அதன் ஒரு பகுதியையும் கொடியாகவே கருதுகிறது. மேலே காவி, நடுவே வெள்ளை, கீழே பச்சை என்று அடுக்கி நீலச் சக்கரமும் வைத்துவிட்டால், அது காகிதமானாலும் பூவானாலும் கொடிதான். அதனால் அலங்காரத்தில் மூன்று வண்ணங்களையும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அந்த வரிசையையும் சக்கரத்தையும் கம்பத்தில் பறக்கும் கொடிக்கே விட்டுவிடுங்கள்.

பன்னிரண்டு அடி அகலமும் மூன்று அடி உயரமும் உள்ள ஒரு மேடையின் முகப்பை எடுத்துக்கொள்வோம். மூன்று நிறத் துணிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக நீளவாக்கில் இழுத்துக் கட்டுவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். அது மேடையைக் கொடியால் போர்த்தியது போலாகிவிடும். அதற்குப் பதிலாக முகப்பை இரண்டு அடி வீதம் ஆறு பாகங்களாகப் பிரித்து, வெள்ளை, காவி, பச்சை, மறுபடி காவி, பச்சை, கடைசியில் வெள்ளை என்று தொங்கவிடுங்கள். வெள்ளை நடுவில் வராமல் ஓரத்திலிருந்து தொடங்குவதால் கொடியின் வரிசை கலைந்துவிடும். கொசுவம் அழகாக விழ, மறைக்கும் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி வேண்டும். இரண்டு அடிக்கு நான்கு அடி என்றால், ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு பாகங்களுக்கு எட்டு அடி, அதாவது இரண்டரை மீட்டர் போதும். 44 அங்குலப் பன்னா உள்ள பருத்தித் துணியை வாங்கினால் பன்னாவே உயரமாக அமையும். மிச்சத்தை மேலே உள்பக்கமாக மடித்து மேடைப் பலகையில் பின் அடித்துவிடலாம்.

பூவில் காவி நிறத்துக்குச் செண்டுமல்லி, வெள்ளைக்குச் சம்பங்கி, பச்சைக்கு மாவிலையும் மருக்கொழுந்தும் இருக்கின்றன. சரங்களைத் தனித்தனி நிறமாகக் கட்டி, கொடிமேடையின் அடிப் படிகளிலும் நுழைவாயிலிலும் சுற்றலாம். கம்பத்தின் மீதும் அதன் உச்சியிலும் பூ, மாலை எதுவும் வைக்கக் கூடாது. தோரணக் கயிற்றைக் கொடிக்கம்பத்தில் முடிச்சிடுவது பல இடங்களில் காணப்படும் தவறு. அதற்கென்று தனியாக மூங்கில் நட்டுக் கட்டுங்கள். எந்தத் தோரணமும் கொடிக்கு மேலேயோ அதற்குச் சமமான உயரத்திலோ வரக் கூடாது.

பூவுக்குக் கொடியோடு ஒட்டிய இடம் ஒன்று உண்டு. கொடியில் எதையும் பொதிந்து வைக்கக் கூடாது என்ற விதிக்கு விலக்காக, சுதந்திர தினம் போன்ற நாட்களில் விரிப்பதற்கு முன் மடிப்புக்குள் இதழ்கள் வைக்கலாம். ஒரு கைப்பிடி உதிரி இதழ்கள் போதும். காம்பையும் அடிக்காயையும் நீக்கி, தண்ணீர் தெளிக்காத இதழ்களாக வையுங்கள். ஈர இதழ்கள் துணியில் ஒட்டிக்கொண்டு கீழே உதிராது, கறையும் படியும். இழுத்தால் அவிழும் உருவு முடிச்சை முதல் நாளே ஒரு சாதாரணத் துண்டில் கட்டிப் பழகிக்கொண்டால், காலையில் கயிறு சிக்காது.

காகிதத்தில் எதிரி மழை. ஆகஸ்ட் மாதத்தில் மாலைத் தூறல் வழக்கம்தான். கிரேப் தாள் நனைந்தால் சாயம் ஒழுகி வெள்ளைத் தாளெல்லாம் ஆரஞ்சுக் கோடாகிவிடும். வாங்கியதும் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அதைக் கூரைக்குக் கீழே மட்டும் கட்டுங்கள். வெளியே கட்டுவதற்கு வழவழப்பான வண்ணத்தாள் நல்லது. கொடி வடிவில் வெட்டாமல் மாவிலை, வட்டம், விசிறி என்று வெட்டலாம்.

கோலத்துக்கும் இதே கவனம் வேண்டும். மிதிபடும் தரையில் கொடியையோ சக்கரத்தையோ வரையாமல், தாமரை, மயில் போன்ற உருவங்களை மூவண்ணப் பொடியில் போடுங்கள்.

பிள்ளைகள் காகிதக் கொடியை அசைக்கலாம்; விதி அதை அனுமதிக்கிறது. ஆனால் விழா முடிந்ததும் அவற்றைத் தரையில் எறியக் கூடாது. வாசலில் ஒரு பெட்டி வைத்து, இரண்டு மாணவர்களை நிறுத்தி எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். கிழிந்தவற்றைக் குப்பைத்தொட்டியில் போடாமல், கூட்டம் இல்லாத இடத்தில் முழுதாக எரித்துவிட வேண்டும். மேடைத் துணிகளை நிறவாரியாகத் தனித்தனியே துவைத்து மடித்து வைத்தால், ஜனவரி 26 அன்று மறுபடி கட்டலாம்.