அந்த இரண்டு புள்ளிகள் எவை?

2023 மார்ச் முதல் வாரத்தில் பல குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கு ஒரே மாதிரியான படம் வந்தது. கருநீல வானம், கீழே ஒரு தண்ணீர்த் தொட்டியோ தென்னை மரமோ, அதற்கு மேலே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். எங்கே எடுத்தது, எத்தனை மணிக்கு, எந்தத் திசை என்று ஒரு வரி கூட இருக்காது. உடனே ஊகங்கள் தொடங்கின. ஒருவர் நட்சத்திரம் என்றார், இன்னொருவர் விமானத்தின் முன்விளக்கு என்றார், மூன்றாமவர் செயற்கைக்கோள் என்றார்.

அவை வெள்ளியும் வியாழனும். மார்ச் 2 மாலை, சூரியன் மறைந்த பிறகு மேற்கு வானில் இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ அரை டிகிரிதான் இடைவெளி. முழு நிலவின் அகலமும் அவ்வளவுதான். இந்தத் தகவல் தெரியாமல், படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா என்பதே கேள்வி. முடியும். ஆனால் புள்ளியை உற்றுப் பார்ப்பதால் அல்ல, புள்ளியைச் சுற்றி இருப்பதைப் பார்ப்பதால்.

புள்ளியின் தோற்றம் ஏன் உதவாது என்று முதலில் பார்ப்போம். நட்சத்திரம் மினுக்கும், கோள் மினுக்காது என்பது பள்ளிப் பாடம். நேரில் பார்க்கும்போது அது பெரும்பாலும் சரி. அடிவானத்தை ஒட்டி இருந்தால் கோளும் மினுக்கும். ஆனால் ஒரே ஒரு படத்தில் மினுக்கல் பதிவாகாது. நிறத்தையும் நம்ப முடியாது. பிரகாசமான எந்தப் பொருளும் போன் கேமராவில் அளவுக்கு மீறி வெளிச்சம் வாங்கி வெறும் வெள்ளையாகிவிடும். அன்று வெள்ளி வியாழனைவிட ஐந்து மடங்குக்கு மேல் பிரகாசமாக இருந்தது. படத்தில் அந்த வேறுபாடு, ஒரு பொட்டு மற்றதைவிடச் சற்றுப் பெரிதாகத் தெரிவதோடு முடிந்துவிடும்.

பலர் ஏமாறும் இடம் ஜூம். முப்பது மடங்கு ஜூம் செய்தால் புள்ளி ஒரு வட்டமாக விரிந்து, உள்ளே அலை அலையான வடிவங்கள்கூடத் தெரியும். கோளின் மேற்பரப்பையே பிடித்துவிட்டோம் என்று தோன்றும். உண்மையில் அது ஃபோகஸ் தப்பிய ஒளி. சாதாரண போனின் முதன்மைக் கேமராவில் ஒரு டிகிரி வானம் சுமார் 50 பிக்சலுக்குள் அடங்கிவிடும். வியாழனின் வட்டம் அன்று ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு, அதாவது ஒரு பிக்சலுக்கும் குறைவு. அந்த அளவுக்குள் மேற்பரப்பு எதுவும் பதிவாக இடமே இல்லை.

இதே கணக்குதான் நமக்கு உதவியும் செய்கிறது. போனின் முதன்மைக் கேமராவில் ஜூம் இல்லாமல் எடுத்த படத்தின் நீளப் பக்கம் வானத்தில் 65 முதல் 70 டிகிரி வரை காட்டும். அந்தப் பக்கம் 4,000 பிக்சல் என்றால், மார்ச் 2 படத்தில் இரண்டு புள்ளிகளுக்கும் இடையே சுமார் 30 பிக்சல் இருக்கும். எந்தப் படம் காட்டும் செயலியிலும் இதை எண்ணிவிடலாம். வாட்ஸ்அப் வழியாக வந்த படம் சுருங்கியிருக்கும் என்பதால், முதலில் அதன் நீளப் பக்கம் எத்தனை பிக்சல் என்று பார்த்து, அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ள வேண்டும். கிடைக்கும் இடைவெளியை ஸ்டெல்லேரியம் போன்ற இலவச வான்வரைபடச் செயலியில் அந்த நாளின் வானத்தோடு ஒப்பிட்டால் பொருந்துகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

நாள் தெரியாவிட்டால்? இந்தப் படத்தில் அதற்கும் ஒரு வழி இருந்தது. அந்த நாட்களில் வெள்ளி தினமும் சுமார் ஒரு டிகிரி வியாழனைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது. மார்ச் 1 மாலை நம் ஊர் வானத்தில் பெரிய பொட்டு கீழே, சிறியது மேலே. மார்ச் 3 மாலை பெரியது மேலே, சிறியது கீழே. தேதியில்லாத படத்துக்கு அதுவே தேதி சொன்னது.

இனி விமானம். நம்மை நோக்கி இறங்கி வரும் விமானத்தின் முன்விளக்கு சில நிமிடங்கள் அசையாமல் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும். விமான நிலையத்துக்கு அருகே வசிப்பவர்களுக்கு இது பழக்கமான காட்சி. அதைப் படம் எடுத்தால் கோளிலிருந்து பிரித்தறிய முடியாது. தலைக்கு மேலே போகும் விமானம்கூட, வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரமே ஷட்டர் திறந்திருந்தால் நான்கைந்து பிக்சல்தான் நகரும். அதுவும் பொட்டாகவே விழும்.

பிரித்துக் காட்டுவது இரண்டாவது படம். போனைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்து, ஐந்து நிமிட இடைவெளியில் அசைக்காமல் இரண்டு படம் எடுத்தால் போதும். பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. ஐந்து நிமிடத்தில் ஒன்றேகால் டிகிரி. மேற்கே எடுத்த படமென்றால் இரண்டு புள்ளிகளும் சேர்ந்து, இடைவெளி மாறாமல், தண்ணீர்த் தொட்டியை நோக்கி அறுபது பிக்சல் அளவு இறங்கியிருக்க வேண்டும். தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அந்த இறக்கம் ஏறக்குறைய செங்குத்தாக இருக்கும். அப்படி இறங்கியிருந்தால் அது வானப் பொருள், சந்தேகமே வேண்டாம். விமானமோ அதற்குள் பல கிலோமீட்டர் போயிருக்கும். ஒரு புள்ளி துளியும் நகரவில்லை என்றால் அது தூரத்துக் கோபுர விளக்கு, அல்லது கேமராவின் பழுதான பிக்சல். கேமராவைக் கையால் மூடி ஒரு படம் எடுத்தால் பழுதான பிக்சல் அதே இடத்தில் மறுபடி வரும்.

தெருவிளக்கு படத்துக்குள் இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விளக்கிலிருந்து படத்தின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்து, அதே தூரத்தில் எதிர்ப்பக்கம் பாருங்கள். புள்ளி சரியாக அங்கே இருந்தால் அது லென்ஸுக்குள் பட்டுத் திரும்பிய விளக்கொளிதான்.

ஒரே படத்தில் முடிக்க வேண்டுமென்றால் ப்ரோ மோடில் ஷட்டரை 10 வினாடிக்கு வையுங்கள். ஐஎஸ்ஓ 400 போதும், இன்னும் இருட்டவில்லை என்றால் 100. ஃபோகஸைக் கடைசிவரை தூரத்துக்குத் தள்ளுங்கள். விரல் பட்டு ஆடாமலிருக்க மூன்று வினாடி டைமர் போடுங்கள். இந்தப் பத்து வினாடியில் நட்சத்திரமும் கோளும் இரண்டு பிக்சல்தான் நகரும், பொட்டாகவே இருக்கும். கடந்து செல்லும் விமானம் கோடாகிவிடும். அந்தக் கோட்டின் மேல் வினாடிக்கு ஒன்று என்ற கணக்கில் மினுக்கும் விளக்கின் பொட்டுகள் மணிபோலக் கோத்திருக்கும். செயற்கைக்கோளும் கோடுதான், ஆனால் மணிகள் இல்லாத வெறும் கோடு. இதற்கு நைட் மோடு உகந்ததல்ல என்பது என் கருத்து. அது பல குறும்படங்களை அடுக்கி ஒன்றாக்குகிறது. சில போன்களில் நகரும் விளக்கைத் துண்டு துண்டாக்கிவிடும், அல்லது அழித்தேவிடும். நமக்கு வேண்டிய சாட்சியே போய்விடும்.

படத்தில் கொஞ்சம் தரையும் இருக்கட்டும். வெறும் கறுப்பில் ஒற்றைப் புள்ளி வந்தால் அதை அடையாளம் சொல்ல யாராலும் முடியாது. மற்றபடி, படத்தோடு நேரம் மட்டும் தெரிந்தாலே பாதி ஊகங்கள் கழிந்துவிடும். வெள்ளி சூரியனைவிட்டு 47 டிகிரிக்கு மேல் விலகுவதே இல்லை; நள்ளிரவுப் படத்தில் தெரிவது நிச்சயம் வெள்ளி அல்ல. வியாழன் அந்த நேரத்திலும் தெரியலாம்.

அந்த நேரத்தை போன் படக்கோப்புக்குள் தானாகவே எழுதி வைக்கிறது. இடம் பதியும் வசதி இயங்கினால் இடத்தையும் எழுதும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது இவை நீங்கிவிடுகின்றன. அதே கோப்பை டாக்குமெண்ட் என்று இணைத்து அனுப்பினால் நேரமும் முழு அளவும் அப்படியே போய்ச் சேரும். திசையை மட்டும் நீங்கள்தான் எழுத வேண்டும்: மேற்கு, அடிவானத்திலிருந்து இரண்டு கைமுட்டி உயரம். கையை நீட்டிப் பிடித்தால் ஒரு முட்டி சுமார் 10 டிகிரி.