பழுக்காத வாழைக்காயும் ஆறு டிகிரி குளிரறையும்

விலை இறங்கிக் கிடக்கும் நேரத்தில் காயைக் குளிரறையில் போட்டு வைத்து, நாலு நாள் கழித்து விற்கலாம் என்ற யோசனை இப்போது நம் உழவர்களிடம் பரவலாக இருக்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் வாழைக்கும் மாவுக்கும் இதில் ஒரு கண்டிசன் உண்டு. கேரட்டையும் முட்டைக்கோஸையும் காப்பாற்றுகிற குளிர் இந்த இரண்டையும் கெடுத்துவிடும். அதுவும் கெட்டது தெரியாமலே கெடும். உள்ளே இருக்கும்வரை காய் பச்சைப் பசேலென்று அழகாக இருக்கும். வெளியே எடுத்த பிறகுதான் வேலையைக் காட்டும்.

போன வருசம் எங்கள் பகுதியில் நாலைந்து இயற்கை விவசாயிகள் சேர்ந்து ஜி-9 வாழையைச் சீப்பு சீப்பாக வெட்டி, கழுவி, அறுபது கிரேடுகளில் அடுக்கி, வாடகைக் குளிரறை ஒன்றில் வைத்தார்கள். அந்த அறையில் ஏற்கெனவே மலைக்காய்கறி இருந்தது. வெளியே உள்ள டிஸ்ப்ளேயில் 6 டிகிரி என்று ஓடியது. ஐந்தாம் நாள் காயை எடுத்தபோது யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை. "பறிச்ச மாதிரியே இருக்குப்பா" என்று சந்தோசமாகத்தான் வண்டியில் ஏற்றினார்கள்.

காய் பழுக்கவைக்கும் அறைக்குப் போய், எத்திலீன் கொடுத்து, நாலு நாள் ஆனது. நல்ல மஞ்சள் வரவே இல்லை. புகை படிந்த மாதிரி சாம்பல் கலந்த மங்கல் மஞ்சள்தான் வந்தது. சில சீப்புகளில் தோல் கறுத்துப்போய்விட்டது. வியாபாரி கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இயற்கை உரம் போட்டா இப்படித்தாங்க, காய்க்குச் சத்து பத்தல, அதான் நிறம் ஏறல" என்றார். குழுவிலேயே ஒருவர் சாம்பல் சத்துக் குறைவாக இருக்குமோ என்று சந்தேகப்பட, இன்னொருவர் எத்திலீன் சரியாகப் பிடிக்கவில்லை என்றார்.

என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய் ஒரு காயை எடுத்து, பிளேடால் தோலின் மேல்பட்டையை மட்டும் மெலிசாகச் சீவிப் பார்த்தேன். அடியில் நீளவாக்கில் பழுப்புக் கோடுகள் ஓடின. அதே தோட்டத்தில் அதே நாளில் வெட்டி, வீட்டுத் திண்ணையில் வைத்திருந்த ஒரு சீப்பு அழகாகப் பழுத்திருந்தது. அதைச் சீவினால் ஒரு கோடும் இல்லை. மண்ணும் ஒன்று, உரமும் ஒன்று. வித்தியாசம் அந்த ஐந்து நாள் குளிர் மட்டும்தான். பழி மட்டும் நம் வெள்ளாமை முறையின் மேல் விழுந்துவிட்டது. இந்தக் குளிர்க் காயத்தை நாம் அடையாளம் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

குளிர் எப்படிக் காயப்படுத்துகிறது?

இது உறைந்துபோவதால் வருவதில்லை. 6 டிகிரியில் தண்ணீர் உறையாது. இதைப் புரிந்துகொள்ள நம் வீட்டு எண்ணெய்ப் பாட்டில் போதும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்து கட்டியாக நிற்கும். பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய் உறையாமல் இருக்கும். இரண்டும் எண்ணெய்தான், இரண்டுக்கும் ஒரே குளிர்தான். உள்ளே இருக்கும் கொழுப்பின் வகைதான் வேறு.

பழத்தின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய கொழுப்புச் சவ்வு ஒன்று இருக்கிறது. ஆப்பிள் போன்ற குளிர்நாட்டுப் பழங்களின் சவ்வு நல்லெண்ணெய் மாதிரி, குளிரிலும் இளக்கமாக நிற்கும். வாழையும் மாவும் வெப்பநாட்டுப் பிள்ளைகள். அவற்றின் சவ்வு தேங்காய் எண்ணெய் மாதிரி சீக்கிரம் விறைத்துவிடும். விறைத்த சவ்வில் கசிவு ஏற்படும். செல்லுக்குள் தனித்தனி அறைகளில் இருக்க வேண்டிய துவர்ப்புப் பொருளும் நொதியும் ஒன்றோடொன்று கலந்துவிடும். வாழைப்பூவையோ கத்தரிக்காயையோ நறுக்கி வைத்தால் கறுக்கிறதே, அதே வேலைதான் தோலுக்கடியில் நடக்கிறது. நாம் பார்த்த பழுப்புக் கோடுகள் அதனால் வந்தவை.

சரி, உள்ளே இருக்கும்போது ஏன் தெரியவில்லை? குளிரில் எல்லா வேலையும் மெதுவாகத்தான் நடக்கும், கறுக்கிற வேலையும் அப்படியே. வெளியே கொண்டுவந்து சூடு ஏறியதும் அது வேகம் எடுக்கிறது. பழுக்கிற வேலையை நடத்த வேண்டிய செல்கள் அதற்குள் பழுதாகிவிட்டதால் நிறம் ஒழுங்காக வருவதில்லை, மணமும் சுவையும் குறைகின்றன. நாள் கணக்கில் குளிரில் கிடந்த காயைத் திரும்பச் சூட்டில் வைத்துத் தேற்ற முடியாது. எத்திலீனைக் கூட்டினாலும் ஆகாது.

எத்தனை டிகிரி, எத்தனை நாள்?

வாழைக்கு 13 முதல் 14 டிகிரி. கடல் கடந்து வாரக்கணக்கில் கப்பலில் போகும் வாழைக்கும் இதே அளவுதான் வைக்கிறார்கள். இந்த அளவில் முற்றிய பச்சைக் காய் இரண்டு மூன்று வாரம்வரை நிற்கும். 13க்குக் கீழே போகப் போகக் காயம் கூடும். 12 டிகிரியில் ஒரு நாள் இருந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாமல் போகலாம். அதே 12 டிகிரியில் பத்து நாள் இருந்தால் நிறம் மங்கிவிடும். 6 டிகிரிக்கு ஒன்றிரண்டு நாளே போதும். குளிரும் நாளும் சேர்ந்துதான் கணக்கு.

மாவுக்கு, முற்றிய பச்சைக் காயாக இருந்தால் 13 டிகிரி. பழுக்கத் தொடங்கிய பிறகு 10 டிகிரிவரை தாங்கும். முற்றாமல் பறித்த மாங்காய்க்குக் குளிர் சுத்தமாக ஆகாது. காயம்பட்ட மாங்காயின் தோலில் வெந்நீர் பட்டதுபோல் சாம்பல் நிறத் திட்டுகள் வரும், சின்னச் சின்னக் குழிகள் விழும். ஒரு பக்கம் பழுத்து இன்னொரு பக்கம் காயாகவே நிற்கும். வெளியே எடுத்த ஒன்றிரண்டு நாளில் அழுகலும் வேகமாகப் பிடிக்கும். தோலின் காவல் போய்விட்டதால் பூஞ்சைக்கு வழி கிடைத்துவிடுகிறது. பூஞ்சைக்கு மருந்தில்லாமல் வளர்த்ததால்தான் அழுகியது என்று இங்கேயும் பழி நம் மேல்தான் வரும்.

இன்னொரு விசயம், டிஸ்ப்ளே காட்டும் டிகிரியும் காய் உணரும் டிகிரியும் ஒன்றல்ல. குளிரூட்டியின் விசிறியிலிருந்து வரும் காற்று அறையின் சராசரியைவிடக் குளிர்ந்தே இருக்கும். அதற்கு நேரெதிரே அடுக்கிய கிரேடு மட்டும் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகக் குளிரலாம். மெஷின் நின்று நின்று ஓடுவதால் ஏற்ற இறக்கமும் இருக்கும். அதனால் 13 என்று செட் செய்தால் சில நேரம் 11க்கு இறங்கிவிடும். ஏற்ற இறக்கம் அதிகமுள்ள அறையில் 14 அல்லது 15 என்று வைப்பதே பத்திரம். இரண்டு நாள் முன்னதாகப் பழுத்தாலும் பழமாகத்தான் பழுக்கும். சிலர் வெயில் சூட்டோடு வந்த காயைச் சீக்கிரம் குளிர வைக்க முதல்நாள் மட்டும் 5க்குக் குறைப்பார்கள். அது கூடாது. விடிகாலையில் வெட்டி, நிழலில் காற்றாட வைத்து, பிறகு உள்ளே ஏற்றுங்கள்.

குளிர்க் காயம்தான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் சோதனை மேலே சொன்ன சீவிப் பார்ப்பது. பச்சைக் காயிலேயே தெரிந்துவிடும் என்பதால், குளிரறையிலிருந்து எடுத்த அன்றே செய்யலாம். சீவிய இடத்தில் செம்பழுப்புக் கோடு இருந்தால் காயம் பட்டிருக்கிறது. நல்ல பச்சைக் காயை ஒடித்தால் பால் வடியுமல்லவா, காயம்பட்டதில் அது குறைவாக வரும்.

இரண்டாவது, எங்கே பட்டிருக்கிறது என்று பாருங்கள். உரசல் காயமும் அடிபட்ட கறுப்பும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். பூஞ்சைப் புள்ளி வட்டமாகக் குழிந்து பெரிதாகிக்கொண்டே போகும். குளிர்க் காயம் கிரேடு முழுக்க ஒரே சீராக இருக்கும், விசிறிக்கு எதிரே இருந்தவற்றில் அதிகமாக இருக்கும். நான் பார்த்த அறுபது கிரேடுகளிலும் அப்படித்தான். விசிறிக்கு நேரே இருந்த வரிசைதான் ரொம்பக் கறுத்திருந்தது.

மூன்றாவது, ஒவ்வொரு தடவையும் ஒரு சீப்பை வெளியே வைத்துவிடுங்கள். செலவில்லாத சாட்சி அது. வெளியே இருந்தது நன்றாகப் பழுத்து, உள்ளே இருந்தது பழுக்கவில்லை என்றால் மண்ணையும் உரத்தையும் யாரும் குறை சொல்ல முடியாது. அந்த விவசாயிகள் வியாபாரியிடம் பேசுவதற்கு அந்தத் திண்ணைச் சீப்புதான் கைகொடுத்தது. நட்டம் திரும்பவில்லை என்றாலும், அடுத்த வெட்டுக்கு அவர் அதே தோட்டத்துக் காயை வாங்கினார்.

காயை ஏற்றுமுன்

குளிரறைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இப்போது எத்தனை டிகிரி ஓடுகிறது? கூட என்ன சரக்கு இருக்கிறது? இடையில் வேறு சரக்கு வந்தால் டிகிரியை மாற்றுவீர்களா? கேரட், திராட்சை, ஆப்பிள் இருக்கிறது என்றால் அந்த அறை நமக்கு வேண்டாம். ஆப்பிளில் இன்னொரு தொந்தரவும் உண்டு, அது விடும் எத்திலீன் வாழையைப் பழுக்க வைத்துவிடும். கையில் ஒரு தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு, விசிறிக்கு எதிரே உள்ள கிரேடில் ஒரு காயைக் குத்தி அதன் சதையின் சூட்டைப் பாருங்கள். நம்ப வேண்டியது அந்த அளவைத்தான்.

பொருத்தமான அறை கிடைக்காவிட்டால் நாலைந்து நாள் தள்ளிப்போட வேறு வழி இருக்கிறது. டில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் மின்சாரம் இல்லாத செங்கல் குளிர்தொட்டி ஒன்றை உருவாக்கியிருக்கிறது. நிழலான, காற்றோட்டமான இடத்தில் இரட்டைச் செங்கல் சுவர் எழுப்பி, நடுவே மூன்று அங்குல இடைவெளியில் ஆற்று மணல் நிரப்பி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டும். மேலே ஈரச் சாக்கு அல்லது வைக்கோல் மூடி. சுமார் நூறு கிலோ பிடிக்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதுபோல் ஈரம் ஆவியாகி உள்ளே குளிரும். காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவுதான் அது குளிரும் என்பதால், நம் சமவெளியில் 13 டிகிரிக்கு இறங்கவே முடியாது. குளிர்க் காயம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. ஆனால் மழைக்காலத்திலும் கடலோரப் புழுக்கத்திலும் இதற்குப் பலன் குறைவு. வாரக்கணக்கிலும் வைக்க முடியாது.

ஏற்கெனவே காயம்பட்ட காய் கையில் இருந்தால் பழமாக விற்கக் காத்திருக்காதீர்கள். சீவிப் பார்த்து இலேசான கோடு மட்டும் என்றால், காய் இன்னும் பச்சையாக இருக்கும்போதே சீவி நறுக்கி மாவுக்குக் காய வைக்கலாம். சதையும் பழுத்திருந்தால் மாட்டுக்குப் போடலாம். நல்ல காயோடு கலந்து மட்டும் அனுப்பிவிடாதீர்கள். ஒரு கிரேடில் நாலு சீப்பு மங்கலாக இருந்தால் அந்த வண்டி முழுவதுக்கும் அந்த விலைதான் கிடைக்கும்.