குறைந்த 52 லிட்டர் எங்கே?

காலை 6 மணிக்குப் பெட்ரோல் பங்கில் இரண்டு அளவுகள் எடுப்பார்கள். ஒன்று, ஒவ்வொரு நாசிலுக்கும் உரிய மொத்த மீட்டர் ரீடிங். வண்டிக்குப் போடும்போது நாம் பார்க்கும் எண் ஒவ்வொரு முறையும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். இந்த ரீடிங் திரும்பாது, ஏறிக்கொண்டே போகும். மற்றொன்று, தரைக்கு அடியில் இருக்கும் டேங்கில் டிப் ராடை இறக்கி, எரிபொருள் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்ப்பது. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் விலை தினமும் காலை 6 மணிக்கு மாறக்கூடியதாகிவிட்டதால், முந்தைய நாள் கணக்கையும் அந்த நேரத்திலேயே முடித்தாக வேண்டும்.

கணக்கு எளிதுதான். நேற்றுக் காலை டேங்கில் இருந்ததோடு லாரியில் வந்ததைக் கூட்டி, விற்றதைக் கழித்தால் இன்று இருக்க வேண்டியது கிடைக்கும். டிப் அதே அளவைக் காட்ட வேண்டும். அநேகமாக ஒருநாளும் அப்படிக் காட்டுவதில்லை. அந்த வித்தியாசத்தைப் படிப்பதுதான் ஆடிட்டருக்கு வேலை.

ஒரு பெட்ரோல் டேங்கை எடுத்துக்கொள்வோம். காலை இருப்பு 6,420 லிட்டர். லாரியில் வந்தது 8,000. நான்கு நாசில்களின் மீட்டரும் சேர்ந்து ஓடியது 4,220 லிட்டர். ஆனால் அவ்வளவும் விற்பனை அல்ல. தினமும் காலையில் ஒவ்வொரு நாசிலிலும் 5 லிட்டர் அளவு கேனில் பிடித்துச் சரிபார்த்து, அதைத் திரும்ப டேங்கிலேயே ஊற்றுவார்கள். அந்த 20 லிட்டரைக் கழித்தால் விற்பனை 4,200. அடுத்த நாள் காலை டேங்கில் 10,220 லிட்டர் இருக்க வேண்டும். டிப் 100.9 சென்டிமீட்டர், சார்ட்டில் அதற்கு நேராக இருப்பது 10,168. குறைவு 52 லிட்டர்.

லிட்டர் நூறு ரூபாய் என்றாலும் 5,200 ரூபாய் போகிறது. முதலாளியின் சந்தேகம் முதலில் விழுவது நாசில் பிடிக்கும் பையன் மேல்தான். பல இடங்களில் சம்பளத்திலும் கை வைத்துவிடுகிறார்கள். இது அநியாயம் மட்டுமல்ல, கணக்குப்படியும் தப்பு. நாசில் வழியாக வெளியே போன ஒவ்வொரு சொட்டும் மீட்டரில் ஏறிவிடும். அவர் பணத்தை எடுத்திருந்தால், மீட்டருக்கும் கல்லாவுக்கும் நடுவில் துண்டு விழும்: ஷிப்ட் முடியும்போது ஓடிய லிட்டரை விலையால் பெருக்கினால் வரும் தொகை, ரொக்கம், கார்டு, யு.பி.ஐ., கடன் பில் எல்லாம் சேர்ந்த தொகையோடு ஒத்துப்போகாது. டேங்குக்கும் மீட்டருக்கும் நடுவில் துண்டு விழுவது வேறு விஷயம். இரண்டையும் ஒரே தாளில் போட்டுக் குழப்பினால் நிரபராதி மாட்டிக்கொள்வார். நாசில் வழியாக இந்த இரண்டாவது கணக்கில் கை வைக்க ஒரு வழி உண்டு: டெஸ்டிங் என்று எழுதிவிட்டு, பிடித்த பெட்ரோலைத் திரும்ப ஊற்றாமல் விடுவது. அதனால் டெஸ்டிங் பதிவில் வழக்கத்தைவிடக் கூடுதல் லிட்டர் இருந்தால் ஆடிட்டர் அங்கே நிற்பார்.

அடுத்து ராடு. டேங்க் படுக்கவைத்த உருளை. இரண்டு மீட்டர் விட்டமும் சுமார் ஆறரை மீட்டர் நீளமும் உள்ள 20,000 லிட்டர் டேங்கில், பாதி அளவில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய 128 லிட்டர். அடியிலிருந்து பத்து சென்டிமீட்டர் உயரத்தில் அதே ஒரு சென்டிமீட்டர் 56 லிட்டர்தான். ஆக நம் 52 லிட்டர் என்பது ராடில் வெறும் நான்கு மில்லிமீட்டர். ராடைச் சாய்த்து விட்டாலோ, வேகமாகப் போட்டு எரிபொருள் தெறித்தாலோ, ஈரக்கோடு ஆவியாகி மறைவதற்குள் பார்க்காவிட்டாலோ அந்த நான்கு மில்லிமீட்டர் வந்துவிடும். அதனால் ஒரே டிப்பை நம்பாமல் இரண்டு மூன்று முறை போட்டுப் பார்க்க வேண்டும். ராடின் நுனி தேய்ந்திருந்தால் இருப்பு எப்போதும் கூடுதலாகவே காட்டும். ஆனால் அந்தப் பிழை நேற்றும் இன்றும் ஏறத்தாழ ஒரே அளவு என்பதால் நாளுக்கு நாள் பெரிதாவதில்லை.

ராடின் அடியில் தண்ணீர் காட்டும் பேஸ்ட்டைத் தடவுவதும் இதே வேலையின் பகுதி. தண்ணீர் இருந்தால் பேஸ்ட் நிறம் மாறும், அந்த உயரத்துக்கான லிட்டரை இருப்பில் கழிக்க வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலில் கவனம் கூடுதலாக வேண்டும். எத்தனால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அளவு மீறும்போது இரண்டும் சேர்ந்து தனி அடுக்காகக் கீழே இறங்கிவிடும். சாதாரண பேஸ்ட் அதைச் சரியாகக் காட்டாமல் போகலாம். அதற்கென்று உள்ள பேஸ்ட்டைத்தான் பயன்படுத்த வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்து, 52 லிட்டர் அப்படியே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஒரு மாதத்துப் பதிவேட்டை விரிக்க வேண்டும். எவ்வளவு குறைந்தது என்பதைவிட, எந்த நாளில் குறைந்தது என்பதுதான் காரணத்தைச் சொல்லும். விற்பனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் ஒரே அளவு குறைந்தால் டேங்கிலோ குழாயிலோ கசிவு. இரவு பங்கை மூடும்போது ஒரு டிப், காலை திறக்குமுன் ஒரு டிப் போட்டால் தெரிந்துவிடும். விற்பனை ஏறும்போது குறைவும் ஏறி, இறங்கும்போது இறங்கினால் ஏதோ ஒரு மீட்டர் கூடுதலாகக் கொடுக்கிறது. 5 லிட்டருக்கு 25 மில்லி வரை கூடவோ குறையவோ சட்டம் அனுமதிக்கிறது. எல்லா நாசிலும் அந்த எல்லையைத் தொட்டுக் கூடுதலாகக் கொடுத்தால் 4,200 லிட்டர் விற்பனையில் 21 லிட்டர் சட்டப்படியே போய்விடும்.

நம் பங்கின் பதிவேட்டில் மற்ற நாட்களில் ஏழெட்டு லிட்டர் கூடியும் குறைந்தும் வருகிறது, லோடு இறங்கிய நாட்களில் மட்டும் ஐம்பதுக்குப் பக்கத்தில் குறைகிறது. அப்படியானால் பார்க்க வேண்டியது லாரியை. பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய ஆயிரத்தில் 1.2 பங்கு சுருங்கும். டிப்போவில் 34 டிகிரியில் நிரப்பிய 8,000 லிட்டர், டேங்கின் 29 டிகிரிக்குக் குளிர்ந்தால் 48 லிட்டர் குறைந்துவிடும். யாரும் திருடவில்லை, எங்கும் ஒழுகவில்லை. மிச்சம் நான்கு லிட்டர் ராடின் பிழைக்குள் அடங்கிவிடும்.

இதே லோடு நாளில் 130 லிட்டர் குறைந்திருந்தால் வெப்பநிலையைச் சாக்குச் சொல்ல முடியாது. ஆனால் அதை மறுநாள் காலையில் கண்டுபிடித்துப் பயனில்லை, லாரி போய்விட்டிருக்கும். லாரி சமதளத்தில் நிற்கும்போதே சீல் எண்களைப் பில்லோடு ஒப்பிட வேண்டும், ஒவ்வொரு அறையிலும் டிப் பார்க்க வேண்டும், டென்சிட்டி எடுக்க வேண்டும். இறக்கும் நேரத்தில் அந்த டேங்கிலிருந்து விற்பனையை நிறுத்திவைத்து, முன்னும் பின்னும் டேங்க் டிப் போட வேண்டும். இறக்கிய பின் லாரியின் அறை முழுதும் வடிந்துவிட்டதா என்று மேலே ஏறிப் பார்ப்பதைச் சோம்பல்பட்டு விடுகிறவர்கள்தான் அதிகம்.

குறைவு வந்தால் பதறும் முதலாளிகள், இருப்பு கூடுதலாக வந்தால் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். ஆடிட்டர் அங்கேதான் இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். லோடு இல்லாத நாட்களிலும் டேங்கில் விடாமல் கூடுதல் நின்றால், ராடும் தண்ணீரும் சரிதான் என்று உறுதியானால், மீட்டர் சொன்னதைவிடக் குறைவாகவே வண்டிகளுக்குப் போயிருக்கிறது, அதாவது வாடிக்கையாளருக்குச் சேர வேண்டிய பெட்ரோல் டேங்கிலேயே கிடக்கிறது. அப்போது 5 லிட்டர் கேனைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நாசிலாகப் பிடித்துப் பார்ப்பார். கேனிலேயே எடையளவுத் துறையின் முத்திரை இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். பிறகு மெஷினைத் திறக்கச் சொல்லி, மீட்டரிலும் பல்சரிலும் துறை போட்ட சீல் அறுபடாமல் இருக்கிறதா, சான்றிதழில் உள்ள எண்ணும் அதில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசிப்பார்.