ஞாயிறு லீவு எத்தனை மணிக்குத் தொடங்குகிறது?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆள் எடுக்கும் வாட்ஸ்அப் செய்தி ஒன்று இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘நைட் ஷிப்ட். சம்பளம் 16,000 வரை. பஸ் வசதி உண்டு. ஞாயிறு லீவு.’ இதில் எதுவும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனாலும், இதை நம்பி வேலைக்குச் சேர்பவருக்குத் தெரிய வேண்டியது எதுவும் இதில் இல்லை.

முக்கியமாக, அந்த ஞாயிறு லீவு. சனி இரவு 10 மணிக்கு உள்ளே போனவர் ஞாயிறு காலை 6 மணிக்கு வெளியே வருகிறார். அன்றிரவே 10 மணிக்கு அடுத்த ஷிப்ட் என்றால், லீவு என்று அவருக்குக் கிடைத்தது 16 மணி நேரம்தான். அதிலும் பாதி தூக்கத்தில் போய்விடும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இதை முன்பே யோசித்திருக்கிறது. நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டில் இருப்பவருக்கு ஒருநாள் விடுமுறை என்றால், ஷிப்ட் முடிந்த நிமிடத்திலிருந்து தொடர்ந்து 24 மணி நேரம் என்று அது வரையறுத்தது. ஆகவே, ‘ஞாயிறு காலை 6 மணிக்கு ஷிப்ட் முடியும், அடுத்த ஷிப்ட் திங்கள் இரவு 10 மணிக்கு’ என்று எழுதுவதே நேர்மை. அப்போது முழுதாக 40 மணி நேரம் கிடைப்பது படிப்பவருக்கே தெரிந்துவிடும்.

சம்பளத்தில் சிக்கல் ‘வரை’ என்ற சொல்லில் இருக்கிறது. நிலையான சம்பளம் 13,400. இரவுப்படி ஓர் இரவுக்கு 100 ரூபாய். 26 இரவும் வந்தால்தான் 16,000. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மட்டும் நைட் வருமானால் மாதத்துக்கு எட்டு, ஒன்பது இரவுதான் தேறும். படி ஆயிரத்தைத் தொடாது. இரவுப்படியை அந்தச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. அது நிர்வாகம் தருவது. அதனால்தான் படியைத் தனியாக, எந்த நிபந்தனையில் என்று எழுத வேண்டும். ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் என்பதோ சட்டம் சொன்னது. அதைச் சலுகைபோல விளம்பரம் செய்யத் தேவையில்லை.

பஸ் விஷயத்தில் பலரும் விட்டுவிடுவது திரும்பும் நேரத்தை. தாம்பரத்தில் இரவு 8.45-க்கு ஏறி, காலை 7.15-க்கு அங்கேயே இறங்குகிறவருக்கு எட்டு மணி நேர வேலை பத்தரை மணி நேரமாகிறது. காலை 8 மணி வரை ஓ.டி. பார்க்கச் சொன்னால் 6.15 பஸ் போயிருக்கும். பிறகு எப்படி வீடு போவது? இதற்குப் பதில் இல்லாத செய்தியைப் பார்த்தால், சேருமுன் அதைக் கேட்டு, பதிலையும் வாட்ஸ்அப்பிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளம் தரப்போவது கம்பெனியா, கான்ட்ராக்டரா என்பதையும் அதே செய்தியில் கேளுங்கள்.