நள்ளிரவைத் தாண்டும் ரயிலின் தேதி

இந்திய ரயில்வேயின் கால அட்டவணையில் ஒவ்வொரு ஊருக்கும் நேராக வருகை, புறப்பாடு என இரண்டு நேரங்கள் இருக்கும். பக்கத்தில் பயணத்தின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும் 1, 2, 3 என்ற எண் இருக்கும். ரயிலின் பெயருக்கு அருகே அது எந்தக் கிழமைகளில் ஓடும் என்ற குறிப்பு இருக்கும். நேரங்களை யாரும் எளிதில் படித்துவிடலாம். இரவு ரயில்களில் ஆளைக் குழப்புவது கிழமையும் நாள் எண்ணும்தான்.

அட்டவணை 24 மணி நேரக் கணக்கில் அமைந்தது. 22:50 என்றால் இரவு 10.50, 01:20 என்றால் அதிகாலை 1.20. 00:00 மணிக்கு அடுத்த தேதி பிறந்துவிடுகிறது. பேச்சுவழக்கில் 'வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு மணி' என்று சொல்லும் நேரம் அட்டவணைக்குச் சனிக்கிழமை.

ஓடும் கிழமை என்று போட்டிருப்பது ரயில் புறப்படும் முதல் நிலையத்துக்கு உரியது. வழியில் ஏறுகிறவர் தம் ஊருக்கு நேராக உள்ள நாள் எண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான் அங்கே ரயில் எந்தக் கிழமை வரும் என்பது தெரியும். எண் 1 என்றால் அதே கிழமை. 2 என்றால் மறுநாள், 3 என்றால் அதற்கும் அடுத்த நாள். அதாவது, எண்ணில் ஒன்றைக் கழித்துவிட்டு மீதியைப் புறப்படும் கிழமையோடு கூட்ட வேண்டும்.

இந்த எண் பயண நேரத்தைச் சொல்வதில்லை; எத்தனை தேதிகளைத் தொட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. சென்னையிலிருந்து இரவு பத்து மணியளவில் கிளம்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புது தில்லியைச் சேர்வது மூன்றாம் நாள் காலையில். எண் 3 என்றாலும் வண்டி ஓடுவது ஏறத்தாழ 33 மணி நேரம்தான். முதல் நாளில் அது ஓடியது இரண்டே மணி நேரம்.

ஒரு மாதிரி அட்டவணையை வைத்துப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை மட்டும் ஓடும் ஒரு ரயில் சென்னை எழும்பூரில் 22:50-க்குப் புறப்படுகிறது. செங்கல்பட்டில் 23:48-க்கு வந்து 23:50-க்குக் கிளம்புகிறது. நாள் எண் 1. விழுப்புரத்தில் 01:20, 01:25. திருச்சியில் 04:00, 04:05. மதுரையில் வருகை 06:30. விழுப்புரம் முதல் எண் 2. அந்த வெள்ளிக்கிழமை 6-ஆம் தேதி என்றால், செங்கல்பட்டில் ஏறுபவரின் டிக்கெட்டில் 6 இருக்கும். திருச்சியில் ஏறுபவரின் டிக்கெட்டில் 7, சனிக்கிழமை என்று இருக்கும். ஆனால் அவர் 6-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு படுத்து, விடியுமுன் எழுந்து நிலையத்துக்குப் போக வேண்டியவர். 7-ஆம் தேதி இரவு பெட்டியோடு வந்து நின்றால் ரயில் அன்று அதிகாலையிலேயே போயிருக்கும். டிக்கெட்டில் 00:00 முதல் 05:00 வரையிலான நேரத்தைக் கண்டால், 'முந்தின இரவே கிளம்ப வேண்டும்' என்று அதிலேயே குறித்துவைப்பது நல்லது.

தட்கல் எடுப்பவர்களுக்கும் இதே கணக்கு முக்கியம். ரயில் முதல் நிலையத்தில் புறப்படும் தேதிக்கு முந்தின நாளே தட்கல் திறக்கும். ஏசி வகுப்புகளுக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. மேலே சொன்ன ரயிலுக்கு அது 5-ஆம் தேதி. 'நமக்கு 7-ஆம் தேதிதானே பயணம்' என்று 6-ஆம் தேதி காலையில் முயலும் திருச்சிக்காரர், ஒரு நாள் முன்பே திறந்துவிட்ட இடங்களில் மிச்சம் மீதியைத்தான் பார்ப்பார்.

புறப்பாட்டிலிருந்து வருகையைக் கழித்தால் நிற்கும் நேரம் கிடைக்கும். சிறிய ஊர்களில் ஒன்று அல்லது இரண்டு நிமிடம், பெரிய சந்திப்புகளில் பெரும்பாலும் ஐந்து நிமிடம் அல்லது அதற்கு மேல். இருபது நிமிடத்துக்கு மேல் நின்றால் என்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுவது போன்ற வேலை இருக்கலாம். செங்கல்பட்டின் இரண்டு நிமிடத்தில் குழந்தைகளோடும் மூட்டைகளோடும் ஏற வேண்டுமானால், தம் பெட்டி நடைமேடையில் எங்கே வரும் என்று முன்பே கேட்டு அங்கே போய் நிற்க வேண்டும். அட்டவணையில் ஐந்து நிமிடம் என்றிருந்தாலும், தாமதமாக வரும் ரயில் அவ்வளவு நேரமும் நிற்கும் என்று நம்பி இறங்கக் கூடாது. இழந்த நேரத்தைப் பிடிக்கச் சீக்கிரமே கிளம்பலாம். குறித்த புறப்பாட்டு நேரத்துக்கு முன்னால் மட்டும் கிளம்பாது.

கடைசி நிலையத்தை ஒட்டிய பகுதியில் நேரம் சற்றுத் தாராளமாகத் தெரியும். வழியில் ஏற்படும் தாமதத்தை ஈடுகட்ட அங்கே கூடுதல் நிமிடங்கள் சேர்க்கப்பட்டிருக்கும். அதனால், நடுவழியில் இருபது நிமிடம் பின்தங்கிய ரயில் கடைசியில் சரியான நேரத்துக்கே போய்ச் சேருவதும் உண்டு.

ரயில் இப்போது எங்கே வருகிறது என்று கைபேசியில் தேடும்போது, அது புறப்பட்ட தேதியைத் தேர்ந்தெடுக்கும்படி கேட்கும். திருச்சியில் 7-ஆம் தேதி அதிகாலை காத்திருப்பவர் அங்கே 6-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். தினமும் ஓடும் ரயிலாக இருந்து 7-ஐத் தேர்ந்தெடுத்தால், அன்று இரவு எழும்பூரில் கிளம்பப்போகிற ரயிலின் விவரம் வரும். இன்னும் புறப்படவே இல்லை என்று காட்டும்.