எத்தனை மணிக்கு அணைகிறது உங்கள் தெருவிளக்கு?

சோலார் தெருவிளக்கு சரியாக எரியவில்லை என்று புகார் வந்தால், அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் ஏணியைத் தேட மாட்டார். "எத்தனை மணி வரைக்கும் எரியுது?" என்றுதான் கேட்பார். விடிய விடிய எரிய வேண்டிய விளக்கு ஒன்பது மணிக்கே அணைகிறதா, மழை நாளில் மட்டும் அணைகிறதா, பகலிலும் எரிகிறதா என்று தெரிந்தாலே கோளாறு எங்கே இருக்கிறது என்பதில் பாதி தெரிந்துவிடும். அந்த நேரத்தை முடிவு செய்பவை பேனலும் பேட்டரியும். ஊராட்சியில் புதிதாக விளக்கு வாங்கும்போது பார்க்க வேண்டியதும் இவை இரண்டையும்தான். அட்டைப் பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் வாட் எண்ணை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது.

டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்

கடைகளிலும் ஆன்லைனிலும் "200 வாட்", "300 வாட்" என்று விற்கும் விளக்குகளில் பல, பேனல், பேட்டரி, எல்.இ.டி. எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கிய வகை. அதன் மேலே இருக்கும் பேனலை டேப்பால் அளந்து பாருங்கள். இன்றைய நல்ல பேனல் ஒரு சதுர அடிக்கு, உச்சி வெயிலில், ஏறக்குறைய 18 முதல் 20 வாட் தரும். அதற்கு மேல் தருவது கடினம். பழைய வகைப் பேனல்கள் இன்னும் குறைவாகத்தான் தரும்.

பேனல் ஒரு சதுர அடி அளவுதான் என்று வைத்துக்கொள்வோம். அதை 18 வாட் என்று எடுத்துக்கொள்ளலாம். நம் ஊர் வெயில் ஒரு நாளைக்குச் சுமார் ஐந்து மணி நேர முழு வெயிலுக்குச் சமம். சூடு, தூசி, கன்ட்ரோலர் என்று மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகும். மிஞ்சுவது ஒரு நாளைக்குச் சுமார் 60 வாட்-அவர். அதைப் பன்னிரண்டு மணி நேர இரவுக்குப் பிரித்தால் மணிக்கு ஐந்து வாட்தான் கிடைக்கும். பெட்டியில் 200 என்று போட்டிருந்தாலும், இரவு முழுவதும் எரிந்தால் அது ஐந்து வாட் விளக்குதான். இந்தக் கணக்கை மாற்ற எந்தக் கம்பெனியாலும் முடியாது.

வெளிச்சத்தின் அளவு லூமன். வாட் என்பது விளக்கு எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100 லூமனுக்கு மேல் தரும். ஆகவே நேர்மையான 12 வாட் விளக்கு 1,200 லூமனுக்குக் குறையாது. வீட்டில் எரிந்த பழைய 40 வாட் டியூப் லைட்டின் வெளிச்சத்தில் அது ஏறக்குறைய பாதி. ஆனால் டியூப் லைட் எல்லாப் பக்கமும் சிந்திய வெளிச்சத்தை எல்.இ.டி. தெருவை நோக்கி மட்டும் இறக்குவதால், ஊர்ச் சந்துக்கு இது போதும். உயரத்தையும் கவனிக்க வேண்டும். நாலு மீட்டரில் பொருத்த வேண்டிய விளக்கை எட்டு மீட்டர் கம்பத்தில் ஏற்றினால், நேர் கீழே விழும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும்.

மழை விட்ட பிறகும் ஏன் எரியவில்லை?

ஒரு தெருவின் கணக்கை முழுவதும் போட்டுப் பார்ப்போம். விளக்கு 12 வாட். மாலை ஆறு முதல் இரவு பதினொன்று வரை முழு வெளிச்சம், அதற்குப் பிறகு விடியும் வரை பாதி வெளிச்சம் என்று அமைத்திருக்கிறார்கள். முதல் ஐந்து மணி நேரத்துக்கு 60 வாட்-அவர், அடுத்த ஏழு மணி நேரத்துக்கு 42. கூட்டினால் 102. டிரைவர் எடுத்துக்கொள்வதையும் சேர்த்து, ஒரு இரவுக்கு 115 என்று வைப்போம்.

பேட்டரி 12.8 வோல்ட், 30 ஏ.ஹெச். இரண்டையும் பெருக்கினால் 384 வாட்-அவர். பேட்டரியை அடிமட்டம் வரை காலி செய்யக்கூடாது என்பதால், பயன்படுத்தக்கூடியது சுமார் 300. வெயிலே இல்லாவிட்டாலும் இரண்டரை இரவு தாங்கும். காகிதத்தில் நல்ல விளக்குதான்.

பேனல் 40 வாட் என்றால் வெயில் நாளில் 200 வாட்-அவர் வரும், வீணாவது போக 140. இரவுச் செலவு 115 போனால் மிஞ்சுவது 25 மட்டுமே. ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை பெய்து, பேட்டரி 250 அளவுக்குக் காலியாகிவிட்டது என்றால், அதை மறுபடி நிரப்ப நாளுக்கு 25 வீதம் பத்து நாள் தொடர்ந்து வெயிலடிக்க வேண்டும். அதற்குள் அடுத்த மழை வந்துவிடும். "வெயில்தான் அடிக்குதே, இன்னும் ஏன் லைட்டு எரியல?" என்று ஊரில் கேட்பதற்கு விடை இதுதான். பேட்டரி கெட்டுப்போகவில்லை, அது நிரம்பவே இல்லை.

இதே விளக்குக்கு 75 வாட் பேனல் போட்டால் நாளுக்கு 260 வரும், மிஞ்சுவது 145. இரண்டே நாளில் பேட்டரி நிரம்பிவிடும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஊர்களில் கூடுதல் பணம் இருந்தால் அதை முதலில் பேனலில் போடுவதே நல்லது. குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வரும்போது பெரிய தொட்டி கட்டிப் பயனில்லை.

லேபிளில் இருக்கும் வோல்ட்

இன்றைய தெருவிளக்குகளில் பெரும்பாலும் மூன்று வகை பேட்டரிகளைப் பார்க்கலாம். 12 வோல்ட் லெட் ஆசிட், அதாவது இன்வெர்ட்டருக்கு வைக்கும் டியூபுலர் வகை. 12.8 வோல்ட் என்று எழுதியிருந்தால் லித்தியம் இரும்பு பாஸ்பேட், 3.2 வோல்ட் செல்கள் நான்கு சேர்ந்தது. 11.1 வோல்ட் என்றிருந்தால் லேப்டாப்பில் இருப்பது போன்ற லித்தியம் அயான் வகை, 3.7 வோல்ட் செல்கள் மூன்று.

தெருக் கம்பத்தில் நிற்கும் விளக்குக்கு நடுவில் சொன்னதுதான் ஏற்றது. தினமும் நிரம்பிக் காலியாவதை ஆயிரக்கணக்கான தடவை தாங்கும், சூட்டையும் மற்ற லித்தியம் வகையைவிட நன்றாகத் தாங்கும். லெட் ஆசிட் விலை குறைவு, ஆனால் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற ஆள் வேண்டும். பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும். மழை நாட்களில் காலியாகவே கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து பிறகு சார்ஜே ஏறாது. எந்த வகையானாலும் சூடு ஆகாது. லெட் ஆசிட்டில் பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. பேனலுக்கு அடியிலேயே பேட்டரியை ஒட்டிவைத்த ஒரே பெட்டி விளக்குகள் சீக்கிரம் சோர்ந்துபோவதற்கு இதுவே முக்கியக் காரணம். பேட்டரிப் பெட்டி தனியாக, காற்றோட்டமாக, கை எட்டாத உயரத்தில் இருந்தால் சூட்டுக்கும் திருட்டுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு.

கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

விளக்கு தினமும் சீக்கிரம் அணைகிறது என்று வைத்துக்கொள்வோம். குற்றம் பேனலிலா, பேட்டரியிலா? பகலில் கன்ட்ரோலரின் சார்ஜ் விளக்கைக் கவனித்தால் தெரிந்துவிடும். காலை பத்து, பதினோரு மணிக்கே "ஃபுல்" காட்டியும் இரவு ஒன்பதுக்கு அணைந்தால் பேட்டரியின் கொள்ளளவு சுருங்கிவிட்டது. கொஞ்சத்தில் நிரம்பி, கொஞ்சத்தில் தீர்ந்துவிடுகிறது. அதை மாற்ற வேண்டியதுதான். மாறாக, சாயங்காலம் வரை "ஃபுல்" காட்டவே இல்லை என்றால் பேனல் பக்கம் போக வேண்டும்.

பேனல் பக்கம் போனால் ஒரு விஷயத்தில் ஏமாறக்கூடாது. மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒயரைக் கழற்றிய 12 வோல்ட் வகைப் பேனலை வெயிலில் அளந்தால், 36 செல் கொண்டதாக இருந்தால் 20, 21 வோல்ட் காட்டும். தூசி படிந்திருந்தாலும் ஏறக்குறைய அதே அளவுதான் காட்டும். தூசியும் நிழலும் குறைப்பது ஆம்பியரை. மீட்டரை 10 ஆம்பியர் டி.சி.யில் வைத்து, பேனலின் இரண்டு ஒயரையும் மீட்டருக்குக் கொடுத்தால், 40 வாட் பேனல் உச்சி வெயிலில் இரண்டு ஆம்பியருக்கு மேல் காட்ட வேண்டும். ஒரு ஆம்பியர்தான் வருகிறது என்றால் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் ஏறவில்லை என்றால் தலையை நிமிர்த்திப் பாருங்கள். கம்பம் நட்ட வருடம் குட்டையாக இருந்த வேப்பமரம் இப்போது மேலே கிளை விரித்திருக்கலாம். செல்கள் எல்லாம் வரிசையாக இணைந்திருப்பதால், ஒரு மூலையில் விழும் நிழல்கூட மொத்தப் பேனலையும் இழுத்துப் பிடித்துவிடும்.

பகலிலும் விளக்கு எரிகிறது என்றால் பலர் பேட்டரியைச் சந்தேகிப்பார்கள். பல கன்ட்ரோலர்கள் பேனலில் இருந்து வரும் வோல்ட்டை வைத்துத்தான் இரவா பகலா என்று முடிவு செய்கின்றன. பேனல் ஒயர் எலி கடித்தோ துருப்பிடித்தோ அறுந்தால், அதற்கு நாள் முழுவதும் இரவுதான். ஒயரைச் சரிசெய்தால் போதும்.

மின்னி மின்னி அணைந்து எரிவது, பெரும்பாலும் பேட்டரி கீழ் எல்லையைத் தொடும்போதோ, டெர்மினல் தளர்ந்தோ நடப்பது. விளக்கு அடியோடு எரியாவிட்டால் முதலில் பியூஸ். அடுத்து பேட்டரி டெர்மினலில் வோல்ட். லித்தியம் பேட்டரியில் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்டினால் பேட்டரி செத்துவிட்டது என்று தூக்கிப்போட வேண்டாம். உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் தானாகத் துண்டித்திருக்கலாம். ஏற்ற சார்ஜரை இணைத்தால் பல நேரம் விழித்துக்கொள்ளும். லெட் ஆசிட்டில் சார்ஜ் ஏற்றிய பிறகும் 10.5 வோல்ட் பக்கமே நின்றால் ஆறு செல்லில் ஒன்று போய்விட்டது என்று அர்த்தம்.

பிரிக்கும்போதும் பூட்டும்போதும் ஒரு வரிசை உண்டு. பூட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல், கடைசியில் விளக்கு. பிரிக்கும்போது இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் இணைத்தால் சில கன்ட்ரோலர்கள் அதிலேயே கெட்டுவிடும். பேனலின் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடிவிட்டு வேலை செய்தால் தீப்பொறி பயமில்லை.

வாங்கும்போது எழுதி வாங்க வேண்டியவை

ஊராட்சியில் விலைப்புள்ளி கேட்கும்போது ஐந்து விவரங்களை எழுத்தில் கேளுங்கள். பேனல் எத்தனை வாட், அதன் நீள அகலம் என்ன? பேட்டரி எந்த வகை, எத்தனை வோல்ட், எத்தனை ஏ.ஹெச்.? விளக்கு எத்தனை லூமன்? எத்தனை மணி நேரம் முழு வெளிச்சம், எத்தனை மணி நேரம் பாதி வெளிச்சம்? பேட்டரிக்குத் தனியாக எத்தனை ஆண்டு வாரண்டி? பேனலுக்குச் சொல்லும் 25 ஆண்டு வாரண்டி பேட்டரிக்குச் சேராது என்பதால் கடைசிக் கேள்வியைத் தனியாகக் கேட்க வேண்டும். விவரங்கள் கைக்கு வந்ததும் மேலே போட்ட கணக்கில் வைத்துப் பாருங்கள். வெயில் நாளில் பேனல் தருவது இரவுச் செலவில் இரண்டு மடங்காவது இருந்தால் அந்த விளக்கு கார்த்திகை மழையைத் தாண்டும். ஒன்றேகால் மடங்குதான் இருக்கிறது என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், மழைக்காலத்தில் அது ஊருக்கு உதவாது.