கை மூட்டில் கொசுவம் விழாமல்

புது ரவிக்கையையோ சுடிதாரையோ கையில் வாங்கியதும் தையல் தெரிந்தவர்களின் கண் முதலில் தோள் மூட்டுக்குத்தான் போகும். கை உடம்போடு சேரும் அந்த வளைவு மழமழவென்று இறங்கியிருந்தால் நல்ல தையல். இரண்டு மூன்று சின்ன மடிப்பு விழுந்திருந்தால், கழுத்தும் பட்டியும் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், "கை சரியா ஏறலையே" என்று சொல்லிவிடுவார்கள். வீட்டில் தையல் பழகுகிறவர்கள் பலர் கடைசி வரை தடுமாறுவதும் இந்த ஒரு இடத்தில்தான். காரணம் எளிது: இங்கே சேர்த்துத் தைக்க வேண்டிய இரண்டு விளிம்புகளும் ஒரே நீளம் கிடையாது.

உடம்புத் துணியில் கைக்காக வெட்டிய குழியை ஆர்ம்ஹோல் என்கிறோம். கைத்துணியின் மேல் வளைவு அந்த ஆர்ம்ஹோல் சுற்றளவைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும். வேண்டுமென்றே அப்படி வெட்டுகிறார்கள். தோள் எலும்பு முடிந்து புஜம் தொடங்கும் இடம் தட்டையாக இல்லை, உருண்டு இறங்குகிறது. அந்த உருட்டுக்கு இடம் கொடுப்பது இந்தக் கூடுதல்தான். அதை அடியோடு எடுத்துவிட்டால் மடிப்பு வராது, ஆனால் கை உயர்த்தும்போது புஜத்தில் இறுக்கிப் பிடிக்கும். ஆக, கூடுதலும் இருக்க வேண்டும், அது கண்ணுக்கும் தெரியக் கூடாது. அதே கூடுதலை நிறைய வைத்து, கொசுவமாகவே தெரியவிட்டால் அது பஃப் கை. நம் பேச்சு சாதாரணக் கையைப் பற்றி.

எவ்வளவு கூடுதல் தேவை என்பது துணியைப் பொறுத்தது. ஆண்களின் சட்டையில் ஏறக்குறைய எதுவும் வேண்டாம். சாதாரணப் பருத்தி ரவிக்கைக்கு முக்கால் இஞ்ச் போதும். கம்பளிக் கோட்டுக்கு ஒன்றரை இஞ்சுக்கு மேலும் வைப்பார்கள், ஏனென்றால் கம்பளி நீராவி பட்டால் சுருங்கி அடங்கும். பாலியஸ்டரும் இறுக்கமாக நெய்த பட்டும் அப்படி அடங்காது. அவற்றுக்கு அரை இஞ்சே அதிகம்.

இந்த அளவை எடுப்பதிலேயே பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். டேப்பை வெட்டிய ஓரத்தில் வைத்து அளக்கிறார்கள். அளக்க வேண்டியது தையல் ஓடப்போகிற கோட்டை. ஆர்ம்ஹோல் ஒரு குழி. தையலுக்கு அரை இஞ்ச் விட்டிருந்தால், தையல் கோடு ஓரத்திலிருந்து அரை இஞ்ச் வெளியே தள்ளிப் பெரிய வளைவாக ஓடுகிறது. அதனால் அது வெட்டிய ஓரத்தைவிடச் சுமார் ஒன்றரை இஞ்ச் நீளம். கைத்துணியில் அப்படிப் பெரிய வித்தியாசம் வராது. மேலே முட்டாக இருக்கும் இடத்தில் குறைவதை, அக்குள் பக்கத்துக் குழிவு ஈடு செய்துவிடும். ஓரத்தை அளந்தவருக்கு இரண்டே கால் இஞ்ச் கூடுதல் இருப்பதுபோலத் தெரியும். அவர் பயந்துபோய்க் கையை வெட்டிக் குறைப்பார். உண்மையில் இருந்தது முக்கால் இஞ்ச்தான். டேப்பைப் படுக்கப் போடாமல் ஓரத்தில் நிறுத்தி, கோட்டின் மேல் வளைத்து அளந்தால் வளைவு சரியாக வரும்.

ஒரு பருத்தி ரவிக்கையை எடுத்துக்கொள்வோம். தையல் கோட்டில் முன் ஆர்ம்ஹோல் 8 இஞ்ச், பின் ஆர்ம்ஹோல் 8½ இஞ்ச், ஆக 16½. கையின் மேல் வளைவு முன்பக்கம் 8¼, பின்பக்கம் 9, ஆக 17¼. கூடுதல் முக்கால் இஞ்ச். அதில் கால் இஞ்ச் முன்னால், அரை இஞ்ச் பின்னால். பின்னால் ஏன் அதிகம் என்றால், நாம் கையை முன்னோக்கி நீட்டித்தான் எல்லா வேலையும் செய்கிறோம். பின்பக்கம்தான் நீண்டு கொடுக்க வேண்டும்.

இந்த முக்கால் இஞ்சை வளைவு முழுக்கப் பரப்பிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படிச் செய்யக் கூடாது. கையைச் சரியான இழைப்படி வெட்டியிருந்தால், பாவு இழை தோளிலிருந்து முழங்கை நோக்கி நேராக இறங்கும். அப்போது வளைவின் உச்சியில் ஓரம் ஊடை இழையோடு ஒட்டி ஓடுகிறது. அங்கே துணி சுருங்கிக் கொடுக்காது, தள்ளினால் மடிந்துவிடும். உச்சியிலிருந்து இரு பக்கமும் சரிந்து இறங்கும் இடத்தில் ஓரம் இழைகளைக் கிராஸாக வெட்டிக்கொண்டு போகிறது. கிராஸில் இருக்கும் துணி இழுத்தால் நீளும், தள்ளினால் ஒடுங்கும். கூடுதலை ஒளித்து வைக்க இடம் அதுதான். அக்குள் பக்கத்துக் குழிவில் வைத்தால் அது அங்கே திரண்டு உறுத்துமே தவிர, எந்தப் பயனும் இல்லை.

அதனால் நம் ரவிக்கையில் பங்கீடு இப்படி அமையும். அக்குள் தையலிலிருந்து இரு பக்கமும் 3 இஞ்ச் வரை கூடுதல் இல்லை, துணியோடு துணி சமமாக. உச்சியில் தோள் தையலுக்கு இப்புறம் அரை இஞ்ச், அப்புறம் அரை இஞ்ச், அங்கேயும் இல்லை. மிச்சம் முன்னால் 4½ இஞ்ச், பின்னால் 5 இஞ்ச். முன்னால் அந்த நீளத்தில் கால் இஞ்ச், பின்னால் அரை இஞ்ச் அடங்க வேண்டும். பின்பக்கம் பத்துக்கு ஒரு பங்கு வருகிறது. பருத்தி அதைத் தாங்கும். அதற்கு மேல் போனால் முரண்டு பிடிக்கும்.

அடக்குவதற்குச் சுருக்குத் தையல் போட வேண்டும். மெஷினில் தையல் நீளத்தை 4 மில்லிமீட்டருக்கு வைத்து, மேல் நூலின் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்தி, முன் அடையாளத்திலிருந்து பின் அடையாளம் வரை இரண்டு வரி. ஒன்று தையல் கோட்டை ஒட்டி, மயிரிழை வெளியே. இன்னொன்று ஓரத்துக்கும் அதற்கும் நடுவில். முடிச்சுப் போடாமல் நூலை நீளமாக விட்டுவிடுங்கள். ஒரே வரி போட்டால் துணி அந்த வரியை அச்சாகக் கொண்டு திரும்பி மடியும். இரண்டு வரி இருந்தால் திரும்ப வழியில்லை. பிறகு அடியிலிருக்கும் பாபின் நூல்களை மட்டும் மெல்ல இழுத்து, துணியை விரல் நுனியால் உச்சியிலிருந்து இரு சரிவுகளுக்கும் தள்ளிக்கொண்டே வாருங்கள். சரியாக வந்தால் துணி தட்டையாகக் கிடக்காது, ஒரு கிண்ணம்போலக் குழிந்து நிற்கும். வெட்டிய ஓரத்தில் அலை தெரிந்தால் கவலை வேண்டாம், அது உள்ளே போய்விடும். தையல் கோட்டில் மட்டும் அலை இருக்கக் கூடாது.

இந்தக் கட்டத்தில் இஸ்திரிப் பெட்டியை எடுப்பவர்கள் நம் ஊரில் குறைவு. நான் அதைத் தவறவே விடமாட்டேன். துண்டு ஒன்றை இறுக்கிச் சுருட்டி, அதன் மேல் கையின் குழிவைக் கவிழ்த்து, ஈரத்துணி போட்டு, பெட்டியின் நுனியால் தையலுக்கு விட்ட அரை இஞ்சில் மட்டும் அழுத்த வேண்டும். உள்ளே போனால் கையின் உருட்டே தட்டையாகிவிடும். பருத்தி நன்றாக அடங்கும். பாலியஸ்டர் அசையாது, சூட்டைக் கூட்டினால் உருகும்.

இனி பொருத்துவது. உடம்பை உள்பக்கம் வெளியே திருப்பி, கையை நேர்ப்பக்கமாகவே உள்ளே நுழைத்து, அக்குள், தோள், முன் பின் அடையாளங்கள் என்ற வரிசையில் குண்டூசி குத்துங்கள். முன்னுக்கு ஒரு வெட்டு, பின்னுக்கு இரண்டு வெட்டு என்று ஓரத்தில் அடையாளம் போட்டு வைத்தால், இடக்கையும் வலக்கையும் மாறிப்போகும் பழைய கதை நடக்காது. ஊசிகள் தையல் கோட்டுக்குக் குறுக்காக நிற்க வேண்டும். முடிந்தால் கையாலேயே ஒரு ஓட்டுத்தையல் போட்டுப் போட்டுப் பார்த்துவிடுங்கள். மெஷின் தையலைப் பிரிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மெஷினில் எந்தத் துணி மேலே வர வேண்டும் என்று தையல்காரர்களுக்குள் ஓயாத வாக்குவாதம் உண்டு. ஃபுட்டுக்கு அடியில் இருக்கும் பல், கீழ்த் துணியைத்தான் பிடித்துத் தள்ளுகிறது. மேல் துணியை ஃபுட் உரசிப் பின்தங்க வைக்கிறது. ஆக கீழே இருக்கும் துணி தானாகவே கொஞ்சம் அதிகமாக உள்ளே போகும். பழகிய கை உள்ளவர்கள் சுருக்குத் தையலே இல்லாமல் கையைக் கீழே வைத்துத் தைத்து, முக்கால் இஞ்சைப் பல்லிடம் ஒப்படைத்துவிடுவார்கள். புதியவர்களுக்கு நான் சொல்வது வேறு: சுருக்குத் தையல் போட்டிருந்தால் கையை மேலே வைத்துத் தையுங்கள். கண்ணெதிரே இருந்தால்தான் மடிப்பு உருவாகும் முன்பே தெரியும். ஊசிக்கு இருபுறமும் ஒவ்வொரு விரலை வைத்து, துணியைத் தையலுக்குக் குறுக்காக விரித்துக்கொண்டே போக வேண்டும். பின்னாலிருந்து இழுக்கக் கூடாது, இழுத்தால் கூடுதல் எல்லாம் ஓடிவந்து கடைசியில் ஒரே மடிப்பாக நிற்கும்.

தைத்து முடித்த பிறகு மடிப்பு தெரிந்தால், அது எங்கே இருக்கிறது என்பதே காரணத்தையும் சொல்லும். உச்சியில் குவிந்திருந்தால் சரிவுகளில் அடங்க வேண்டியது மேலே ஏறிவிட்டது; அந்த மூன்று நான்கு இஞ்சை மட்டும் பிரித்து, விரலால் தள்ளித் திரும்பத் தைத்தால் போதும். மடிப்பு இல்லாமல், உச்சியிலிருந்து சாய்வாக ஒரு பக்கமே கோடுகள் இழுத்தால் கை முறுகி ஏறியிருக்கிறது. உச்சி அடையாளத்தைத் தோள் தையலிலிருந்து கால் இஞ்ச் முன்னே அல்லது பின்னே நகர்த்திப் பாருங்கள். கை நேராகத் தொங்கத் தொடங்கும். எல்லா இடத்திலும் சின்னச் சின்னதாக மடிப்பு இருந்தால் தையலில் குற்றமில்லை, கூடுதலே அதிகம்.

நம் ஊர்த் தையல்காரர்கள் பலர் ரவிக்கைக்கு இத்தனையும் செய்வதில்லை. பக்கத் தையல் போடும் முன்பே, விரிந்து கிடக்கும் உடம்பில் விரிந்த கையை வைத்துத் தைத்துவிட்டு, பிறகு கை நுனியிலிருந்து இடுப்பு வரை ஒரே ஓட்டமாகப் பக்கத்தை மூடுகிறார்கள். வேகம் அதிகம், பின்னாளில் பிரித்து லூஸ் விடவும் சுலபம். கூடுதல் அரை இஞ்சுக்குள் இருந்தால் இதுவே சிறந்த வழி. அதற்கு மேல் இருந்தால், தட்டையாக வைத்துத் தைக்கும்போது குழிவு உருவாக இடமில்லாமல் மடிப்பு விழும். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துக் கோட்டுத் தையல்காரர்களோ அந்த மடிப்பையே அழகாக்கிவிட்டார்கள். சிறிய ஆர்ம்ஹோலில் பெரிய கையை ஏற்றி, தோளில் மெல்லிய சுருக்கம் தெரியவிடுவது அவர்கள் பாணி. நம் வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

கடையில் வாங்கும் காகிதப் பேட்டர்ன்களில் ஒன்றரை இஞ்ச் வரை கூடுதல் இருப்பதுண்டு. பட்டுக்கு அது ஆகாது. அப்போது காகிதத்திலேயே குறைத்துவிட வேண்டும். கை வளைவின் பாதி உயரத்தில் குறுக்கே ஒரு கோடு வெட்டி, மேல் துண்டைக் கீழ்த் துண்டின் மேல் கால் இஞ்ச் ஏற்றி ஒட்டி, இரு ஓரங்களையும் வளைவாகச் சீராக்குங்கள். இரு பக்கமும் சேர்ந்து ஏறக்குறைய அரை இஞ்ச் குறையும். கையின் உயரமும் கால் இஞ்ச் குறைகிறது. அவ்வளவு வரை புஜத்தில் தெரியாது. இன்னும் குறைக்க நினைத்து அரை இஞ்ச் ஏற்றினால், கை தொங்கும்போது உச்சியிலிருந்து அக்குளை நோக்கிக் கோடுகள் இழுக்கத் தொடங்கும். அந்த நிலையில் மிச்சத்தைக் கையில் குறைக்காமல், ஆர்ம்ஹோல் கோட்டை மட்டும் எட்டில் ஒரு இஞ்ச் உள்ளே தள்ளித் தைப்பது நல்லது.